தத் த்வம் அஸி: ஆத்மாவையும் பிரம்மத்தையும் ஒரே அத்தியாயத்தில் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களிடம் உபநிடதம் என்ன சொல்கிறது என்று கேட்டால் "ஆத்மாவும் பிரம்மமும் ஒன்று" என்று உடனே பதில் வரும். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த உபநிடதம், அதில் எந்த இடம், யார் யாரிடம் சொன்னது, சொல்வதற்கு முன் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அநேகமாகப் பேச்சு நின்றுவிடும். அந்த வரி வாசகமாக மனத்தில் ஒட்டியிருக்கிறதே தவிர, அதற்குப் பின்னால் இருக்கும் வாதம் ஒட்டவில்லை.

இந்தக் கட்டுரை அந்த வாதத்தைப் பின்தொடர ஒரு வழி. எல்லா உபநிடதங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சாந்தோக்ய உபநிடதத்தின் 6ஆம் அத்தியாயம் ஒன்றை எடுத்து ஒழுங்காகப் படித்தால் போதும். தத் த்வம் அஸி, அதாவது "நீ அதுவாக இருக்கிறாய்" என்ற வரி அங்கேதான் வருகிறது. சபரிமலை போய் வந்தவர்கள் சந்நிதானத்தின் முகப்பில் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள். அங்கே தனியாக நிற்கும் வரி, நூலில் தனியாக நிற்பதில்லை. முன்னால் ஏழு பகுதிகள் கடந்த பிறகு, எட்டாவது பகுதியின் கடைசியில்தான் முதன்முறையாக வருகிறது. அந்த ஏழு பகுதிகளைத் தாண்டிக் குதித்து வரியை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதலில் இரண்டு சொற்களைச் சுத்தம் செய்யுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, பிரம்மம் என்று தலைப்பிட்டு, அது எதுவெல்லாம் இல்லை என்று எழுதுங்கள். நான்கு முகத்தோடு தாமரையில் அமர்ந்திருக்கும் பிரம்மா இல்லை; அது ஒரு தெய்வத்தின் பெயர். பிராமணர் என்பது சமூகப் பிரிவின் பெயர். பிராமணங்கள் என்பவை வேள்விகளை விளக்கும் வேதப் பகுதிகள். பிரம்மம் என்பது எல்லாவற்றுக்கும் அடிப்படையாக உபநிடதங்கள் சொல்லும் பொருள். சமஸ்கிருதத்தில் அது அஃறிணைச் சொல். தேர்வுத் தாளில் "பிரம்மா உலகின் அடிப்படை" என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம்.

ஆத்மா இன்னும் வம்பு பிடித்த சொல். "அவர் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று இரங்கல் போஸ்டரில் படிக்கிறோம். சாந்தியடையாத ஆத்மா அலைகிறது என்று சினிமாவில் பார்க்கிறோம். அந்த ஆத்மாவுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பழைய பகை கூட உண்டு. உபநிடதத்தின் ஆத்மா அப்படிப்பட்டதல்ல. "நான்" என்று சொல்லும்போது அந்தச் சொல் கடைசியில் எதைக் குறிக்கிறதோ அதுதான் அங்கே ஆத்மா. உடலா, மூச்சா, மனமா, இவற்றுக்கும் அடியில் ஏதாவதா என்பதுதான் கேள்வியே. விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு நூலுக்குள் போகாதீர்கள்.

காட்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாந்தோக்யம் சாமவேதத்தைச் சேர்ந்தது. மிகப் பழைய உபநிடதங்களில் ஒன்று. மொத்தம் 8 அத்தியாயங்கள். 6ஆவது அத்தியாயத்தில் 16 சிறு பகுதிகள். அதாவது 6.8 என்றால் ஆறாம் அத்தியாயம், எட்டாம் பகுதி. கையில் எந்த மொழிபெயர்ப்பு இருந்தாலும் இந்த எண்கள் பெரும்பாலும் மாறாது, அதனால் எண்ணோடு குறிப்பெடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பேசுபவர்கள் இரண்டே பேர். தந்தை உத்தாலக ஆருணி, மகன் சுவேதகேது. 12 வயதில் படிக்கப் போன பையன், எல்லா வேதங்களையும் கற்று 24 வயதில் வீடு திரும்புகிறான். தலைக்கனத்தோடு திரும்புகிறான் என்பதை நூல் மறைக்கவில்லை. தந்தை கேட்கிறார்: எதைக் கேட்டால் கேட்காததும் கேட்டதாகுமோ, எதை அறிந்தால் அறியாததும் அறிந்ததாகுமோ, அந்த உபதேசத்தை உன் ஆசிரியர்களிடம் கேட்டாயா? மகனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "என் ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் சொல்லாமலா இருப்பார்கள்?" என்று சொல்லிவிட்டுத் தந்தையிடமே கேட்கிறான். பாடம் தொடங்குகிறது.

(5ஆம் அத்தியாயத்தில் இதே சுவேதகேது பாஞ்சால நாட்டுச் சபைக்குப் போய், அரசன் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரியாமல் திரும்புகிறான். தந்தைக்கும் தெரியவில்லை; அவர் அரசனிடமே மாணவராகப் போகிறார். இந்தக் குடும்பத்துக்குத் தெரியாததை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை போலிருக்கிறது.)

"அது" எப்படி உருவாகிறது: 6.1 முதல் 6.4 வரை

நீ அதுவாக இருக்கிறாய் என்பதில் இரண்டு பாகங்கள் உண்டு: அது, நீ. நூல் இரண்டையும் தனித்தனியாகத் தயார் செய்கிறது. முதல் நான்கு பகுதிகள் பெரும்பாலும் "அது" பற்றியவை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தந்தை மண்ணிலிருந்து தொடங்குகிறார். ஒரு களிமண் உருண்டையை அறிந்தால் மண்ணால் ஆன எல்லாவற்றையும் அறிந்தது போல. பானை, சட்டி என்று வேறுபடுவது பெயரளவில், பேச்சளவில். மண் என்பதே உண்மை. அடுத்துப் பொன்னையும், நகம் வெட்டும் கருவியைக் காட்டி இரும்பையும் சொல்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பானைக்கு மண் வெளியில் இருக்கும் காரணம் அல்ல. குயவர் வெளியில் இருக்கிறார். மண் பானைக்குள்ளேயே இருக்கிறது. பானையிலிருந்து மண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

6.2இல் இதை உலகம் முழுவதற்கும் விரிக்கிறார். ஆதியில் இது "ஸத்" மட்டுமாக இருந்தது, இரண்டாவது இல்லாத ஒன்றாக. ஸத் என்றால் இருப்பது, உள்பொருள். "ஆதியில் ஒன்றுமே இல்லை, இல்லாமையிலிருந்து எல்லாம் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், அது எப்படி முடியும்?" என்று எதிர்க்கட்சியையும் தந்தையே எடுத்துச் சொல்லி மறுக்கிறார். பிறகு அந்த ஸத் "பலவாக ஆவேன்" என்று எண்ணி வெப்பத்தையும், வெப்பம் நீரையும், நீர் உணவையும் தோற்றுவித்தன என்கிறார். இந்த மூன்றும் கலந்துதான் எல்லாப் பொருள்களும். தீயில் தெரியும் சிவப்பு வெப்பத்தின் நிறம், வெண்மை நீரின் நிறம், கருமை உணவின் நிறம் என்று 6.4 பிரித்துக் காட்டுகிறது. இதை இன்றைய வேதியியலோடு ஒப்பிட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பலவாகத் தெரிவதைச் சிலவாகவும், சிலவற்றை ஒன்றாகவும் சுருக்கிக்கொண்டு போகும் முறைதான் இங்கே முக்கியம்.

இந்த நான்கு பகுதிகளின் முடிவில் உங்கள் நோட்டில் ஒரே வாக்கியம் இருக்க வேண்டும்: "அது" என்றால், மண் பானைக்கு இருப்பது போல எல்லாவற்றுக்கும் உள்ளிருக்கும் ஸத்.

பிரம்மம் என்று எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். இந்த உபதேசம் முழுக்க உத்தாலகர் ஸத் என்ற பெயரையே பயன்படுத்துகிறார்; பிரம்மம் என்ற பெயரால் அதை அழைப்பதில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

"நீ" எப்படிக் கரைகிறது: 6.5 முதல் 6.8 வரை

அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பல பாடக் குறிப்புகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது வருத்தம்.

சாப்பிட்ட உணவு மூன்றாகப் பிரிகிறது என்கிறார் தந்தை. பருமனான பகுதி மலமாகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி மனமாகிறது. அதேபோல நீரின் நுண்பகுதி மூச்சு, வெப்பத்தின் நுண்பகுதி பேச்சு. மனம் உணவால் ஆனதா? மகனுக்கு விளங்கவில்லை, இன்னும் சொல்லுங்கள் என்கிறான். தந்தை விளக்குவதற்குப் பதில் ஒரு சோதனை வைக்கிறார் (6.7). மனிதனுக்கு 16 கலைகள், அதாவது 16 கூறுகள். 15 நாள் எதுவும் சாப்பிடாதே, தண்ணீர் வேண்டிய மட்டும் குடி. மூச்சு நீரால் ஆனது, குடித்தால் அது அறுந்து போகாது.

பையன் அப்படியே செய்துவிட்டு வருகிறான். ருக், யஜுஸ், சாமம் இவற்றைச் சொல் என்கிறார் தந்தை. "ஒன்றும் நினைவுக்கு வரவில்லை" என்கிறான். பெரிய தீயில் மின்மினி அளவு கங்கு மட்டும் மிஞ்சினால் அது எதையும் எரிக்காது, உன்னிடம் ஒரு கலைதான் மிச்சம், போய்ச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். (நூலுக்குள் நடந்த சோதனை இது. யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

இது உணவின் மகிமையைச் சொல்லும் கதை போலத் தெரியலாம். சுவேதகேது யார் என்று நினைத்துப் பாருங்கள். 12 ஆண்டு படித்த வேதம்தான் அவனுடைய "நான்". அந்தத் தலைக்கனம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 15 நாள் பட்டினியில் அது அணைந்து, ஒரு வேளைச் சோற்றில் திரும்ப எரிகிறது. அப்படியானால் நினைவும் படிப்பும் இன்னொன்றைச் சார்ந்து நிற்பவை. "நான் இதுதான்" என்று அவன் நினைத்தது அடித்தளமாக இருக்க முடியாது.

6.8இல் உறக்கம் வருகிறது. ஆழ்ந்து உறங்குபவன் ஸத்தோடு ஒன்றியிருக்கிறான் என்கிறார் தந்தை. கயிற்றில் கட்டிய பறவை நாலாபக்கமும் பறந்து பார்த்துவிட்டு, வேறு இடம் கிடைக்காமல் கட்டிய இடத்துக்கே வருவது போல மனமும் கடைசியில் தன் பிடிப்புக்குத் திரும்புகிறது. அப்புறம் வேரைத் தேடுகிறார். உடல் ஒரு முளை. அதன் வேர் உணவு. உணவு என்ற முளைக்கு வேர் நீர், நீருக்கு வெப்பம், வெப்பத்துக்கு ஸத். "அது"வைத் தேடிப் போனபோது மேலிருந்து கீழே வந்த அதே படிகளில், "நீ"யைத் தேடும்போது கீழிருந்து மேலே ஏறுகிறார். இரண்டு பாதையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

சந்தித்த அந்த இடத்தில்தான் வரி வருகிறது: இந்த நுண்மை எதுவோ, அதையே தன் உள்பொருளாகக் கொண்டது இவை எல்லாம், அது உண்மை, அது ஆத்மா, நீ அதுவாக இருக்கிறாய், சுவேதகேது.

ஆத்மா என்ற சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "அது ஆத்மா" என்று முதலில் உலகத்தின் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டு, பிறகுதான் "நீ" வருகிறது. பையனுக்குள் ஓர் ஆத்மா இருக்கிறது, அது போய் இன்னொன்றோடு சேர்கிறது என்று நூல் சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் படித்துப் பார்ப்போம்: உப்பு, 6.13

அந்த வரி ஒரு தடவையோடு நிற்பதில்லை. 6.8 முதல் 6.16 வரை ஒன்பது பகுதிகளின் முடிவிலும் அதே சொற்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் மகன் "இன்னும் விளக்குங்கள்" என்கிறான், தந்தை "அப்படியே ஆகட்டும்" என்று புதிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறார். தேன், ஆறுகள், வெட்டுப்பட்ட மரம், ஆலம்பழம், உப்பு, கண்ணைக் கட்டிக் காந்தார நாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவன், இறக்கும் மனிதன், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவன் பிடிக்கும் பழுக்கக் காய்ச்சிய கோடரி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைவிட ஒன்றை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வது நல்லது. உப்பை எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன? "இந்த உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வா" என்கிறார் தந்தை. காலையில், "இரவு போட்ட உப்பை எடு." பையன் கையை விட்டுத் துழாவுகிறான், கிடைக்கவில்லை. "இந்த ஓரத்தில் குடித்துப் பார். எப்படி இருக்கிறது?" "உப்பு." "நடுவில்?" "உப்பு." "அந்த ஓரத்தில்?" "உப்பு." பிறகு, "இங்கேயே இருக்கும் உள்பொருளை நீ காணவில்லை, குழந்தாய். ஆனால் அது இங்கேயேதான் இருக்கிறது." தொடர்ந்து அதே பல்லவி.

இப்போது மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்.

எந்தச் சந்தேகத்துக்கு இது பதில்? நூலில் மகன் தன் சந்தேகத்தை விவரிப்பதில்லை. "இன்னும் விளக்குங்கள்" என்பதோடு சரி. சந்தேகம் என்னவாக இருக்கும் என்று உரைகாரர்கள்தான் நிரப்புகிறார்கள். நாமும் முந்தைய பகுதியைப் பார்த்து ஊகிக்கலாம். 6.12இல் ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்கிறார், உள்ளே நுண்ணிய விதைகள். ஒரு விதையைப் பிளக்கச் சொல்கிறார், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தெரியாத அந்த நுண்மையிலிருந்துதான் இவ்வளவு பெரிய ஆலமரம் நிற்கிறது, நம்பு என்கிறார். இயல்பாக எழும் கேள்வி: தெரியவே இல்லை என்றால் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? உப்பு அதற்குத்தான் பதில்.

பையன் என்ன செய்கிறான்? இரண்டு வழிகளில் தேடுகிறான். கையும் கண்ணும் தோற்கின்றன, நாக்கு கண்டுபிடிக்கிறது. ஆக, ஒரு வழியில் அகப்படாததால் ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு உரிய வழி வேறாக இருக்கலாம். மூன்று இடத்தில் குடிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு: ஓர் ஓரத்தில் மட்டும் இல்லை, எங்கும் இருக்கிறது.

எடுத்துக்காட்டு எங்கே முடிகிறது? மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்தக் கேள்வியில். "உப்பு பிரம்மம், தண்ணீர் உலகம், உப்பு தண்ணீரில் கலந்தது போல பிரம்மம் உலகத்தில் கலந்திருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். உப்பு வருவதற்கு முன்பே தண்ணீர் இருந்தது. உப்பு வெளியிலிருந்து போடப்பட்டது. தண்ணீர் உப்பால் ஆனதும் இல்லை. அப்படியே உலகத்துக்குப் பொருத்தினால், உலகம் தனியாக முன்பே இருந்தது, ஸத் பிறகு வந்து அதில் கரைந்தது என்று ஆகும். 6.2இல் தந்தை சொன்ன "இரண்டாவது இல்லாத ஒன்று" என்பதற்கு நேர் எதிர். எனவே உப்பு "எங்கும் இருந்தும் தெரியாமல் இருக்கிறது" என்பதை மட்டும் சொல்கிறது. உலகத்துக்கும் ஸத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் மண்ணிடம் போக வேண்டும்.

மற்ற ஏழுக்கும் இதே மூன்று கேள்விகளைப் போடலாம். ஆறுகள் கடலில் கலக்கின்றன என்பதை "ஜீவன் கடைசியில் மறைந்துவிடுகிறது" என்று படிக்க ஆசை வரும். ஆனால் 6.10 கவலைப்படுவது, கலந்த ஆறுகளுக்கு "நான் இந்த ஆறு" என்ற அறிவு இல்லாதது பற்றி. அதுபோல ஸத்திலிருந்து வந்த உயிர்களுக்கும் தாம் அங்கிருந்து வந்தோம் என்று தெரிவதில்லை. எடுத்துக்காட்டின் குறி எது என்று தெரிந்தால் அதை மீறி இழுக்க மாட்டோம்.

பிரம்மம் என்ற பெயர் வரும் இடம்

சரி, 6ஆம் அத்தியாயம் ஸத் என்று சொல்கிறது. பாடநூல் பிரம்மம் என்கிறது. நடுவில் பாலம் எங்கே?

அதே சாந்தோக்யத்தில் 3.14ஐத் திறங்கள். சாண்டில்யரின் உபதேசம். "இவை எல்லாம் பிரம்மமே" என்று தொடங்குகிறது. பிறகு இதயத்துக்குள் இருக்கும் என் ஆத்மா நெல்மணியைவிட, கடுகைவிட, தினையைவிடச் சிறியது என்றும், பூமியைவிட, வானைவிட, எல்லா உலகங்களையும்விடப் பெரியது என்றும் சொல்லி, "இதயத்துக்குள் இருக்கும் இந்த என் ஆத்மா, இதுவே பிரம்மம்" என்று முடிக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே வாக்கியத்தில். பிருஹதாரண்யக உபநிடதத்தின் "அஹம் பிரஹ்மாஸ்மி" (1.4.10), மாண்டூக்யத்தின் "அயம் ஆத்மா பிரஹ்ம" ஆகியவற்றிலும் அந்தப் பெயரே வருகிறது. இவற்றோடு ஐதரேயத்தின் "பிரஜ்ஞானம் பிரஹ்ம", நம் தத் த்வம் அஸி ஆகியவற்றையும் சேர்த்து, வேதத்துக்கு ஒன்றாக நான்கு மகாவாக்கியங்கள் என்று தொகுத்தது பிற்கால அத்வைத மரபு. இந்தப் பழைய உபநிடதங்கள் தாமே இப்படி நான்கைப் பட்டியலிடுவதில்லை. உத்தாலகரின் ஸத்தும் சாண்டில்யரின் பிரம்மமும் ஒரே பொருள் என்பது வேதாந்தப் பள்ளிகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆனாலும் அது இரண்டு இடங்களைச் சேர்த்துப் படித்து எடுத்த முடிவு.

ஒரே வரி, மூன்று உரை

"ஒன்று" என்ற சொல்லை எழுதும் முன் இந்தப் படியைக் கடந்தாக வேண்டும். ஏனென்றால் எந்த அர்த்தத்தில் ஒன்று என்பதில்தான் பெரிய சண்டையே.

8ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் சங்கரர் வரியை நேராக எடுத்துக்கொள்கிறார். சுவேதகேதுவின் உடலையும் மனத்தையும் விலக்கிவிட்டால் மிஞ்சும் ஆத்மாவும் ஸத்தும் ஒரே பொருள், வேறுபாடு அறியாமையால் தோன்றுவது. அவர் மரபில் வந்தவர்கள் இதற்கு ஒரு வாக்கியத்தைக் காட்டுவார்கள்: "இவன்தான் அந்தத் தேவதத்தன்." அன்று அங்கே பார்த்தவன், இன்று இங்கே நிற்கிறான். அன்று-இன்று, அங்கே-இங்கே இவை பொருந்தாது. அவற்றை விட்டுவிட்டால் ஆள் ஒருவனே. அதுபோல "அது" என்பதிலும் "நீ" என்பதிலும் பொருந்தாதவற்றை விட்டுவிட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுஜர் இதை ஏற்கவில்லை. எதையும் விட்டுவிட வேண்டாம், சொற்களின் முழுப் பொருளையும் வைத்துக்கொண்டே படிக்கலாம் என்கிறார். அவருக்குச் சாவி கொடுப்பது பிருஹதாரண்யகம் 3.7. ஜனகரின் சபையில் ஒருவர் எழுந்து, எல்லாவற்றையும் உள்ளிருந்து இயக்குபவன் யார் என்று யாக்ஞவல்கிய முனிவரைக் கேட்கிறார். பூமிக்குள் இருப்பவன், பூமியிலிருந்து வேறானவன், பூமி அறியாதவன், பூமியை உடலாகக் கொண்டவன், அவனே உன் ஆத்மா, அந்தர்யாமி என்று நீளமாகப் பதில் வருகிறது. இதிலிருந்து இராமானுஜர் சொல்வது: ஜீவன் பிரம்மத்துக்கு உடல். "நீ" என்ற சொல் சுவேதகேதுவின் ஜீவனோடு நிற்காமல், அந்த ஜீவனை உடலாகக் கொண்டு உள்ளிருக்கும் பிரம்மம் வரை போகிறது. "அது" என்பதும் உலகுக்குக் காரணமான அதே பிரம்மம். எனவே இரண்டும் ஒன்று. ஆனால் ஜீவன் ஜீவனாகவே இருக்கிறது.

அந்தச் சபையில் எழுந்து கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? உத்தாலக ஆருணி. மகனுக்குப் பாடம் சொன்ன அதே பெயர். அங்கே பதிலைக் கேட்டுவிட்டு மௌனமாக உட்கார்ந்துவிடுகிறார்.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மத்வர் வரியையே வேறு மாதிரி பிரிக்கிறார். மூலத்தில் "ஸ ஆத்மாதத்த்வமஸி" என்று சேர்ந்து ஒலிக்கிறது. அதை ஆத்மா + தத் என்றும் பிரிக்கலாம், ஆத்மா + அதத் என்றும் பிரிக்கலாம். சமஸ்கிருதப் புணர்ச்சி விதி இரண்டுக்கும் இடம் தருகிறது. இரண்டாவது பிரிப்பில் "நீ அது அல்ல" என்று ஆகிவிடும். வெறும் இலக்கணச் சாமர்த்தியம் என்று ஒதுக்க வேண்டாம். பறவை வேறு, கயிறு வேறு. ஆறு வேறு, கடல் வேறு. எடுத்துக்காட்டுகள் எல்லாமே இரண்டைக் காட்டுகின்றனவே என்று அவர் கேட்கிறார். உப்பும் தண்ணீரும் இரண்டு பொருள் என்று சற்றுமுன் நாமே பார்த்தோம். என் கருத்தைக் கேட்டால், "இரண்டாவது இல்லாத ஒன்று" என்று தொடங்கிய தந்தை ஒன்பது முறை "நீ அது அல்ல" என்று முடிப்பார் என்று நம்புவது கடினம். ஆனாலும் எடுத்துக்காட்டுகளின் எல்லை எங்கே என்ற கேள்வியை மத்வரைப் போலக் கறாராகக் கேட்டவர் குறைவு.

விடையில் எப்படி எழுதுவது

"உப்பு எடுத்துக்காட்டு ஆத்மா, பிரம்மம் பற்றிய கருத்தை எவ்வாறு விளக்குகிறது?" என்ற கேள்விக்கு ஒரு மாதிரி:

"சாந்தோக்யம் 6.13இல் உத்தாலகர் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டி, கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத ஸத் எங்கும் இருக்கிறது என்று சுவேதகேதுவுக்கு உணர்த்துகிறார். அந்த ஸத்தையே எல்லாவற்றின் ஆத்மா என்றும், நீ அதுவே என்றும் சொல்கிறார். வேதாந்திகள் இந்த ஸத்தைப் பிரம்மம் என்று கொள்கின்றனர். எடுத்துக்காட்டு அதன் இருப்பை மட்டுமே விளக்குகிறது. உலகத்துக்கும் அதற்கும் உள்ள உறவை 6.1இன் மண் எடுத்துக்காட்டு விளக்குகிறது. 'நீ அது' என்பதை முழு ஒருமையாகச் சங்கரரும், உடல்-உயிர் உறவாக இராமானுஜரும் கொண்டனர். மத்வர் வேறுபாடாகவே படித்தார்."

எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் நூலுடையது, உரைகாரருடையது என்று குறித்துப் பாருங்கள். எதற்காவது குறிக்க முடியவில்லை என்றால் அது எங்கோ கேட்டது, அடித்துவிடலாம்.

இந்த முறை கைவந்ததா என்று பார்க்க, பிருஹதாரண்யகம் 2.4.12ஐ எடுங்கள். யாக்ஞவல்கியர் மனைவி மைத்ரேயியிடம் பேசுகிறார். அங்கேயும் உப்புக்கட்டி தண்ணீரில் கரைகிறது, அங்கேயும் எங்கே எடுத்தாலும் உப்பாகவே இருக்கிறது. ஆனால் முடிவில் அவர் "இறந்த பின் உணர்வு இல்லை" என்கிறார், மைத்ரேயி "என்னைக் குழப்பிவிட்டீர்களே" என்கிறாள். அதே மூன்று கேள்விகளை அங்கே போட்டு, இந்த உப்பு எந்தச் சந்தேகத்துக்குப் பதில், உத்தாலகரின் உப்பிலிருந்து எங்கே விலகுகிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். 2.4.13உம் 2.4.14உம் சேர்த்துப் படித்த பிறகு எழுதினால் நல்லது. அவளுடைய குழப்பத்துக்கு அவர் தரும் பதில் அங்கேதான் இருக்கிறது.